மாப்ளைக்கு இன்னொரு அப்பளம்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 36. ஊர் திருச்சி. ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தேன், சம்பளம் 21,000. மனைவி வங்கி அதிகாரி. இரண்டாவது குழந்தை பிறந்து அவளுடைய பிரசவ விடுப்பு முடிந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் அம்மா இப்போது இல்லை, மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். இரண்டு பேரும் பேசித்தான் நான் வேலையை விட்டேன். ஒன்றரை வருடம் ஆகிறது. பெரியவள் யுகேஜி, சின்னவனுக்கு இரண்டு வயது. பிள்ளைகளோடு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை வெளியே சொல்லத்தான் வெட்கம்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் மச்சான், "மாப்ளைக்கு இன்னொரு அப்பளம் வைங்கப்பா, காலைல இருந்து துணி துவைச்சுக் களைச்சுப் போயிருக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி குடித்தேன். மறுநாள் தலை பின்னும்போது அசைந்தாள் என்று மகளை அடித்துவிட்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை இப்போதெல்லாம் இருட்டிய பிறகுதான் செய்கிறேன். முடி வெட்டக்கூட மனைவியிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. என் அப்பா ஊரில் நான் பிசினஸ் செய்வதாகச் சொல்லி வைத்திருக்கிறார். மனைவியும் ஆபீஸில் "ஷேர் மார்க்கெட் பார்க்கிறார்" என்று சொல்லியிருப்பது இப்போதுதான் தெரிந்தது. அவள் நகையை வைத்து ஐந்து லட்சம் வாங்கி நண்பனோடு மொபைல் கடை போடலாம் என்று இருக்கிறேன். எங்களுக்குள் நெருக்கமும் குறைந்துவிட்டது, ஆண்மையே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. "அப்பா, நீ ஏன் ஆபீஸ் போகல?" என்று மகள் கேட்கிறாள். அடுத்த மாதம் அதே மச்சான் வீட்டில் காதுகுத்து. நான் என்ன ஆண், ஐயா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கேலியைப் பற்றிப் பிறகு பேசுவோம். கேலிக்கு அடுத்து நீங்கள் எழுதியிருப்பதில்தான் என் கண் நின்றது. குடி, மகள் மேல் கை, இருட்டில் துணி, நகைக் கடன். இவற்றைத் தனித்தனிக் கஷ்டங்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தது போலத் தெரிகிறது. பந்தியில் உங்களிடமிருந்து ஏதோ ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள் என்று மனசுக்குப் பட்டிருக்கிறது. அதைத் திரும்ப வாங்க நாலு பக்கமும் கை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

தலை பின்னியதை நீங்கள் எழுதியதும் எனக்கு ஒரு பரிசோதனை ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் ஜெனிஃபர் பாசன், ஜோசப் வாண்டெல்லோ என்ற உளவியலாளர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் நடத்தி 2009-ல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைப் பொம்மைத் தலையில் கூந்தல் பின்னச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைக் கயிறு பின்னச் சொன்னார்கள். விரல் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். முடித்ததும், "ஒரு புதிர் போடுகிறீர்களா, இல்லை குத்துச்சண்டைப் பையைக் குத்துகிறீர்களா?" என்று கேட்டார்கள். கூந்தல் பின்னியவர்களில் அதிகம் பேர் குத்துவதைத்தான் கேட்டு வாங்கினார்கள். இன்னொரு சுற்றில் எல்லோரையும் குத்த வைத்துப் பார்த்தபோது, கூந்தல் பின்னியவர்களின் குத்து கயிறு பின்னியவர்களுடையதைவிட பலமாக விழுந்தது.

அந்த மாணவர்களை யாரும் திட்டவில்லை, பந்தியில் வைத்துச் சிரிக்கவும் இல்லை. வெறுமனே பின்னல் போட்டதற்கே 'நான் ஆம்பளை' என்று எங்காவது காட்டியாக வேண்டும் போல இருந்திருக்கிறது. பெண்மை பெரியவளானதும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்றும், ஆண்மையை மட்டும் சம்பாதிக்க வேண்டும், அசந்தால் அது கைநழுவும் என்றும் பல சமூகங்களில் ஒரு நினைப்பு இருப்பதாக இந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம்மிடம் இதற்கு ஆய்வே வேண்டாம். "ஆம்பளையா நீ?" என்று கேட்டுச் சண்டை மூட்ட முடிகிறது. "பொம்பளையா நீ?" என்று கேட்டால் அது வேறு பேச்சு.

ஆக, கேலி கேட்ட பிறகு உங்கள் கை பரபரத்தது உங்கள் கோளாறு இல்லை. அப்படிப் பரபரக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பரபரப்பு எங்கே போய் இறங்குகிறது என்பது உங்கள் பொறுப்பு. அந்த மாணவர்களுக்குக் குத்த ஒரு பை இருந்தது. உங்கள் வீட்டில் அந்த இடத்தில் ஐந்து வயதுப் பெண் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

அதனால் மகளிடம் முதலில் போங்கள். நாள் கடந்துவிட்டது, மறந்திருப்பாள் என்று விட்டுவிட வேண்டாம். அடுத்த தடவை சீப்பை எடுக்கும்போதே சொல்லுங்கள்: "அன்னைக்கு அப்பா உன்னை அடிச்சது தப்பு. நீ ஒண்ணும் பண்ணல. அப்பாவுக்கு வேற ஒருத்தர் மேல கோபம். இனிமே அடிக்க மாட்டேன்." இவ்வளவு போதும். 'நீ அசைஞ்சதாலதான்' என்று ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மன்னிப்பு புகாராகிவிடும்.

கரூரிலிருந்து என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஏற்றுமதி கம்பெனியில் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தவர். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. பையனுக்கு இரண்டு வயது. உங்களைப் போலவே பேசி முடிவெடுத்து வீட்டில் இருந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவருடைய தம்பி, "அண்ணி சம்பளத்துல அண்ணன் ராஜா மாதிரி இருக்காரு" என்றிருக்கிறார். ஊரிலிருந்து திரும்பிய வாரமே இவர் ராத்திரி உணவு டெலிவரிக்குப் பதிந்துகொண்டார். மனைவி வந்ததும் ஏழு மணிக்குக் கிளம்பி, திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். பையன் ஐந்தரைக்கெல்லாம் எழுந்துவிடுவான். பெட்ரோல் போக மாதம் ஒன்பதாயிரம் கையில் நிற்கும் என்று கணக்கு.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், பையனுக்குச் சோறு ஊட்டிவிட்டுத் தரையில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். பையன் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மா பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். வந்தவர் முதலில் சொன்னது, "சார், அந்தம்மா தூக்கிட்டு வந்தப்ப தெருவே வேடிக்கை பார்த்துச்சு" என்பதை. பையனுக்கு என்ன ஆகியிருக்கும் என்ற பயம்கூட அதற்குப் பின்னால்தான் வரிசையில் நின்றது.

"அந்த ஒன்பதாயிரம் வீட்டுக்குத் தேவையா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்."

"அப்ப யாருக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பிக்கு" என்றார்.

உங்கள் மொபைல் கடையை இந்தக் கேள்வியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கல்யாணத்தில் யாருமே சிரிக்காமல் இருந்திருந்தால், இந்த மாதம் உங்களுக்குக் கடை நினைப்பு வந்திருக்குமா? 'வந்திருக்கும், இரண்டு வருடமாகவே யோசனை' என்றால் அது தொழில், அதைப் பற்றிப் பேசலாம். 'வந்திருக்காது' என்றால் அந்த ஐந்து லட்சம் மச்சானுக்குச் சொல்லும் பதில். பதிலுக்கு விலை அதிகம். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலே வட்டி மட்டும் மாதம் நாலாயிரத்துக்கு மேல், அசல் அப்படியே நிற்கும். கடை காலை பத்துக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடினால் அந்த நேரத்தில் சின்னவன் யாரிடம் இருப்பான்? நீங்கள் வேலையை விட்டதே அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தானே. வங்கி அதிகாரியான மனைவி இந்தக் கணக்கை உங்களைவிட வேகமாகப் போடுவார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தோன்றுகிறது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் வைக்கும் கெடு மூன்று மாதம். அவமானம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குக் கடன், கூட்டுத்தொழில், வேலை மாற்றம் எதையும் முடிவு செய்யக் கூடாது. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் இருவருமாக உட்கார்ந்து பேசுங்கள். கரூர்க்காரர் டெலிவரியை விட்டுவிட்டார். தம்பி இன்றும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த மூன்று மாதமும் ஒரு நோட்டு போடுங்கள். இடது பக்கம் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி. வலது பக்கம் அதற்கு அடுத்த 24 மணி நேரத்தில் நீங்கள் செய்தவை: யாரிடம் கத்தினீர்கள், எதைத் தள்ளிப்போட்டீர்கள், எதை ஒளித்தீர்கள், என்ன வாங்கினீர்கள். நாலைந்து தடவை எழுதியதும் உங்கள் கை வழக்கமாகப் போகும் தடம் உங்களுக்கே தெரிந்துவிடும். கரூர்க்காரருக்கு அது ராத்திரி பைக்கை எடுப்பது. உங்களுக்குக் குடி என்று நினைக்கிறேன், ஆனால் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, உடம்பு. இதில் உங்கள் பயத்துக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் இல்லை. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவை 2005-லும் மறுபடி 2009-லும் எடுத்துப் பார்த்தார்கள். இடையில் தந்தையானவர்களுக்கு, மணமாகாமல் இருந்தவர்களைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. தந்தையரிலும், தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையோடு செலவழித்தவர்களுக்கு இன்னும் குறைவு. பிள்ளை வளர்க்கும் வேலைக்கு ஆண் உடம்பும் தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். இதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த இறக்கத்தோடு உலகத்தில் அப்பாக்களுக்கு இரண்டாவது, மூன்றாவது குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் விஷயத்தில் தூக்கம், குடி, மனைவி மேல் உள்ள மனத்தாங்கல் ஆகிய மூன்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு சாதாரண அடையாளம் இருக்கிறது: விடிகாலையில் விழிக்கும்போது விறைப்பு வழக்கம்போல இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் உடம்பின் கருவிகள் சரியாக இருக்கின்றன, சிக்கல் மனசிலோ உறவிலோ இருக்கிறது. மாதக்கணக்கில் அது இல்லை என்றால் நல்ல மருத்துவர் ஒருவரைப் பார்த்து சர்க்கரை, ரத்த அழுத்தம், காலை வேளையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் சோதனை மூன்றையும் செய்துகொள்ளுங்கள். 36 வயதில் சர்க்கரை இருப்பது நம் ஊரில் அதிசயம் இல்லை. லாட்ஜில் அறை எடுத்து 'ஆண்மைக் குறைவு' என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். 'ஆண்மை' என்ற சொல்லை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியதில் அந்தப் போஸ்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மனைவி சொன்ன 'ஷேர் மார்க்கெட்'டுக்கு வருகிறேன். மச்சான் சொன்னதைவிட இதுதான் ஆழமாகத் தைத்திருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தாலும். இதை அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது எடுக்காதீர்கள். ஞாயிறு மத்தியானம், பிள்ளைகள் தூங்கும் நேரம் நல்லது. "ஏன் பொய் சொன்ன?" என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "நீ ஆபீஸ்ல ஷேர் மார்க்கெட்னு சொன்னது தெரிஞ்சுது. அங்க உன்கிட்ட என்ன கேட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்டால் அநேகமாக நீங்கள் அறியாத ஒரு கதை வரும். வேலைக்குப் போகும் பெண்ணின் கணவர் வீட்டில் இருந்தால் கேலி கணவருக்கு மட்டும் வருவதில்லை. 'புருஷனை அடக்கி வச்சிருக்கா', 'பெத்த பிள்ளையை ஆம்பளைகிட்ட விட்டுட்டு எப்படி மனசு வருது' என்று அவருக்கும் தனியாக ஒரு பந்தி நடந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதைச் சமாளிக்க எடுத்த கேடயம்தான் ஷேர் மார்க்கெட் என்று எனக்குத் தோன்றுகிறது. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், அவருக்கே உள்ளூரக் கூச்சம் இருக்கலாம். எதுவானாலும் அது அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே வரட்டும். பேச்சு முடியும்போது இருவரும் எங்கே போனாலும் சொல்ல ஒரே வாக்கியம் ஒன்று கையில் இருக்க வேண்டும். "அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கிறார்", "நான் பிள்ளைகளைப் பார்த்துக்கிறேன்". இதில் மூன்று சொற்களை நுழைய விடாதீர்கள்: 'சும்மா', 'இப்போதைக்கு', 'ஏதோ'. "சும்மாதான் வீட்ல இருக்கேன்" என்று நாமே சொல்லிவிட்டு, அடுத்தவர் அப்படிச் சொல்லும்போது கோபப்பட முடியாது. தமிழ்நாட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாக இந்தச் 'சும்மா'வைச் சொல்லி வருகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அதே பேச்சில் பணத்தையும் முடித்துவிடுங்கள். முடி வெட்டக் காசு கேட்பது சின்ன விஷயம் போலத் தெரியும். கேட்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் பதினைந்து வயதுப் பையனாகிவிடுகிறீர்கள். அவர் தாராளமாகக் கொடுத்தாலும் இது மாறாது, சிக்கல் கேட்பதில் இருக்கிறது. சம்பளம் ஏறும் நாளில் தானாக உங்கள் கணக்குக்குப் பணம் வரும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டுவிடலாம். உங்கள் மனைவிக்கு அது ஐந்து நிமிட வேலை. ஒரு தொகை வீட்டுச் செலவுக்கு, அதற்கு இருவரும் கணக்குப் பார்க்கலாம். இன்னொரு சிறிய தொகை உங்கள் கைச்செலவுக்கு, அதே அளவு அவருடைய கைச்செலவுக்கும். இரண்டாயிரமோ மூவாயிரமோ, இரண்டும் சமமாக இருக்கட்டும். அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். வேலையை விட்டதும் உங்கள் பி.எஃப். நின்றுபோயிருக்கும். உங்கள் பெயரில் ஒரு பி.பி.எஃப். கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும், முடிந்தபோது கூட்டலாம். பத்து வருடம் கழித்து உங்கள் பெயரில் ஒன்றுமே இல்லை என்ற நிலை வந்தால் அப்போது வரும் கசப்பை எந்த ஆலோசகராலும் பேசித் தீர்க்க முடியாது. கரூர்க்காரர் வீட்டில் ஏற்பட்ட மாற்றங்களில் முதலில் வேலை செய்தது இந்தப் பண ஏற்பாடுதான். நான் எதிர்பார்த்தது வேறு.

உங்கள் அப்பாவை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. "உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை, மகன் உத்தியோகத்தை விட்டதை ஊரில் எப்படிச் சொல்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. சொல்லிப் பழகிய சொல்லே இல்லை. இல்லத்தரசி உண்டு, இல்லத்தரசன் என்றால் சிரிப்பு. பார்த்துப் பழகியதும் இல்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சமையல், துவைப்பு, பெருக்குதல் போன்ற கூலியில்லாத வீட்டு வேலையில் எதையாவது ஒரு நாளில் செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். மிச்சம் 74 ஆண்கள் அன்றைக்கு ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை. பந்தியில் உங்களைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தவர்கள் அநேகமாக அந்த 74-ல் இருந்திருப்பார்கள்.

அப்பாவிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. "ஊர்ல என்ன வேணா சொல்லிக்கோங்கப்பா. பேத்தி முன்னாடி மட்டும் பிசினஸ்னு சொல்லாதீங்க. அவ என்னைப் பொய் சொல்றவன்னு நினைப்பா." இதை அவர் ஏற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன். திருச்சிக்காரரிடம் மலைக்கோட்டைக் கதையைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான், இருந்தாலும் அப்பா பக்திமான் என்றால் எடுத்துக்கொடுக்கலாம்: காவிரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் போனபோது ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்து, கூட இருந்து பத்தியம் பார்த்ததற்குத்தான் அங்கே சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். ஒரே வித்தியாசம், அவர் வெள்ளம் வடியும்வரை பார்த்தார். உங்களுடையது வருடக்கணக்கு.

மகளின் கேள்விக்குப் பதில் நீளக் கூடாது. ஐந்து வயதுக்குக் காரணகாரியம் வேண்டாம், ஏற்பாடு தெரிந்தால் போதும். "அம்மா பேங்க்ல வேலை பார்க்கறா. அப்பா உங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கறேன். தம்பி ஸ்கூல் போனதும் அப்பாவும் மறுபடி வேலை பார்ப்பேன்." கடைசி வாக்கியத்தை நீங்கள் இருவரும் அப்படி முடிவு செய்திருந்தால் மட்டும் சேருங்கள். பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'குழந்தை வளர்ப்பு' என்றே எழுதலாம். எழுதும்போது கை கூசும், இரண்டாவது படிவத்தில் அவ்வளவு கூசாது. வகுப்பு ஆசிரியையிடம் போய், அவசரத்துக்கு முதலில் கூப்பிட வேண்டிய எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுங்கள். வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் உங்களைச் சேர்க்கச் சொல்லி மனைவி மூலமாகவே கேளுங்கள். ஒரு வாரம் குழுவில் கொஞ்சம் நெளிவு இருக்கும். 'நாளைக்கு மஞ்சள் கலர் டிரெஸ்ஸா, பச்சையா?' என்று ஒரு ராத்திரி நீங்கள் கேட்டு நாலு பேர் பதில் போட்டதும் அது போய்விடும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உங்கள் தனிமை. கடிதம் முழுக்க உங்கள் பகல் பொழுதில் வயது வந்த ஒருவரோடு நீங்கள் பேசியதாக ஒரு இடம்கூட இல்லை. வேலைக்குப் போகும் ஆணுக்கு டீக்கடை இருக்கிறது, வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு வாசல் இருக்கிறது, உங்களுக்கு இரண்டும் அடைத்திருக்கிறது. துணியையும் இருட்டில் காயப்போட ஆரம்பித்தால் மொட்டை மாடியும் போச்சு. நாளைக்கே காலை ஒன்பது மணிக்கு வாளியோடு மேலே போங்கள். இதை வீரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வெயிலில் துணி காயும், மேலே யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் பிள்ளைகளை மனைவியிடம் விட்டுவிட்டு வெளியே போங்கள். அந்த நேரத்தில் அவர் செய்வதை நீங்கள் திருத்தாதீர்கள், வார நாட்களில் நீங்கள் செய்வதை அவர் திருத்தாமல் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஆண்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வருவது குறைவு. எரிச்சல், சின்ன விஷயத்துக்குக் கை ஓங்குவது, குடி, மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது என்றுதான் பெரும்பாலும் வரும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தாலோ, மகள் மேல் மறுபடி கை பட்டாலோ, இருப்பதைவிடப் போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப்பார்த்தாலோ 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலச் சேவை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

இனி காதுகுத்து. போகாமல் இருந்துவிடாதீர்கள், அது அடுத்த விசேஷத்துக்குக் கடன் வைப்பது போல. பிள்ளைகளுக்குப் பசி வருவதற்கு முன்னால், முதல் பந்தியிலேயே அவர்களோடு உட்கார்ந்துவிடுங்கள். மச்சான் மறுபடி ஆரம்பித்தால் பதிலுக்கு அவரைக் குத்த வேண்டாம், விளக்கமும் வேண்டாம், போன தடவை போலச் சேர்ந்து சிரித்துத் தப்பிக்கவும் வேண்டாம். "ஆமா மச்சான், துவைச்சுட்டுத்தான் வந்தேன். வைக்கச் சொல்லுங்க, ரெண்டா வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னவனுக்குச் சோறு பிசையுங்கள். முன்தினம் ராத்திரி வீட்டில் இதை மனைவியிடம் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை தொண்டை கட்டும்.

சாயங்காலம் ஆண்கள் எல்லாம் மாடி அறையில் கூடுவார்கள், பாட்டில் வரும். அந்த நேரத்துக்கு நீங்கள் பஸ்ஸில் இருங்கள். எத்தனை மணி பஸ் என்பதைக் கிளம்பும்போதே மனைவியும் நீங்களும் பேசி வைத்துக்கொண்டால், அங்கே யார் கையைப் பிடித்து இழுத்தாலும் "சின்னவன் தூங்கணும்" என்று சொல்ல முடியும், அது உண்மையும்கூட. வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் படுக்கப்போட்டதும் நோட்டை எடுத்து இடது பக்கத்தை எழுதிவிடுங்கள். வலது பக்கத்தை மறுநாள் ராத்திரி எழுதுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம்.